ஹார்னில் போய்க் காணாமல் போகும் அறிவிப்பு: சபைகூடல் பதிவுக்கு அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழி

திங்கட்கிழமை காலை ஏழரை மணி. பிள்ளைகள் திடலில் வரிசை பிடித்து நிற்கிறார்கள். வெள்ளிக்கிழமை மதியமே பதிவு செய்து வைத்த அறிவிப்பு ஒலிபெருக்கியில் ஓடி முடிகிறது. சத்தம் போதவில்லை என்று யாரும் சொல்ல முடியாது, பக்கத்துக் குடியிருப்பு வரைக்கும் கேட்டிருக்கும். வகுப்புக்குத் திரும்பும் வழியில் ஆண்டு நான்கு மாணவன் ஒருவன் என் அருகில் வந்து கேட்டான்: "சார், யாருக்குப் பல் பிடுங்கப் போறாங்க?"

யாருக்கும் பல் பிடுங்கப் போவதில்லை. பல் மருத்துவக் குழு பரிசோதனைக்கு வருகிறது, அதற்கு அனுமதிக் கடிதம் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான் செய்தி. அவன் காதில் விழுந்தது "பல்" மட்டும். மீதியை அவனே முடித்துக்கொண்டான்.

பினாங்குத் தீவில் ஒரு தமிழ்ப்பள்ளியில் ஒலிபெருக்கிப் பொறுப்பு சில ஆண்டுகளாக என் தலையில்தான். அறிவிப்பைப் பதிவு செய்து ஒலிபரப்புவதற்கு எங்களுக்கு ஒரே காரணம் மழை. மழை பெய்தால் திடலில் சபைகூடல் நடக்காது, பிள்ளைகள் வகுப்பிலேயே இருப்பார்கள், கடமை ஆசிரியர் வாசலில் குடையோடு நிற்பார். மைக்கைப் பிடிக்க ஆள் இருக்காது. பதிவு இருந்தால் அலுவலகத்தில் யாராவது ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். ஆனால் நேரில் பேசுகிறவர் பிள்ளைகளின் முகத்தைப் பார்த்து நிறுத்துவார், திரும்பச் சொல்வார். பதிவுக்குக் கண் கிடையாது. அதனால் நேரில் பேசும்போது வராத கோளாறுகள் இதில் வரும்.

முதலில் கோளாறு எங்கே என்று பாருங்கள்

ஆம்ப்ளிஃபையரின் எந்தத் திருகையும் தொடுவதற்கு முன் ஒரே பதிவை மூன்று இடத்தில் கேளுங்கள். முதலில் இயர்போனில். அடுத்து, அதை ஒலிபரப்பிவிட்டு ஹார்னிலிருந்து ஐந்தாறு மீட்டர் தள்ளி நின்று. கடைசியாக, பிள்ளைகளின் பின்வரிசை நிற்கும் இடத்தில்.

இயர்போனிலேயே மோசமாக இருந்தால் பதிவில் கோளாறு. இயர்போனில் தெளிவு, ஹார்ன் அருகில் மோசம் என்றால் இணைப்பிலோ ஒலி அளவிலோ கோளாறு. ஹார்ன் அருகில் தெளிவு, பின்வரிசையில் குழப்பம் என்றால் எதிரொலி. மூன்று இடத்திலும் தெளிவாக இருந்து, பிள்ளைகளுக்கு மட்டும் ஒன்றும் புரியவில்லை என்றால் கோளாறு கருவியில் இல்லை, நீங்கள் எழுதிக் கொடுத்த தாளில் இருக்கிறது. எனக்குத் தெரிந்த வரையில் பாதிக்கு மேல் இந்தக் கடைசி வகைதான். அதனால் அதிலேயே தொடங்குகிறேன்.

அறிகுறி: ஒவ்வொரு சொல்லும் கேட்கிறது, செய்தி மட்டும் மனதில் நிற்கவில்லை

எப்படிக் கண்டுபிடிப்பது? அறிவிப்பு முடிந்த கையோடு பின்வரிசைப் பிள்ளைகள் மூன்று பேரிடம் கேளுங்கள்: யாருக்கு, எப்போது, என்ன செய்யணும்? இரண்டு பேராவது மூன்றுக்கும் சரியாகச் சொன்னால் தாள் தேறியது. "புரிஞ்சுதா?" என்று மட்டும் கேட்காதீர்கள். எல்லாரும் தலையாட்டுவார்கள்.

பல் கதைக்கு வருவோம். அன்று ஓடியது இது. எழுதியது நானேதான், வேறு யாரையும் குறை சொல்ல வழியில்லை.

"அன்பார்ந்த ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் இனிய காலை வணக்கத்தைத் தெரிவித்துக்கொள்கிறேன். எதிர்வரும் புதன்கிழமை காலை எட்டு மணியளவில் நம் பள்ளிக்கு வருகை புரியவிருக்கும் பல் மருத்துவக் குழுவினர் மேற்கொள்ளவுள்ள பற்பரிசோதனையில் கலந்துகொள்ளவிருக்கும் மூன்றாம் மற்றும் நான்காம் ஆண்டு மாணவர்கள் அனைவரும் அன்றைய தினம் பல் துலக்கிவிட்டு வருவதோடு, நேற்று முன்தினம் வழங்கப்பட்ட அனுமதிக் கடிதத்தில் பெற்றோரின் கையொப்பத்தைப் பெற்று நாளைக்குள் வகுப்பாசிரியரிடம் ஒப்படைக்குமாறும் கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்."

தாளில் படித்தால் இலக்கணப் பிழை இல்லை. கண் வேண்டுமானால் பின்னால் போய்த் திரும்பப் படித்துக்கொள்ளும், காதுக்கு அந்த வசதி இல்லை. நம் மொழியில் வினை கடைசியில் வருகிறது. "வருகை புரியவிருக்கும்", "மேற்கொள்ளவுள்ள", "கலந்துகொள்ளவிருக்கும்" என்று எச்சத்தின் மேல் எச்சமாக அடுக்கினால், பிள்ளை ஒவ்வொன்றையும் கையில் பிடித்துக்கொண்டே வினைக்காகக் காத்திருக்க வேண்டும். யாருக்கான அறிவிப்பு என்பதே பாதியில்தான் வருகிறது. அதற்குள் ஆண்டு மூன்று பிள்ளைகள் காகத்தைப் பார்க்கப் போய்விட்டார்கள். தங்கள் ஆண்டின் பெயர் காதில் விழுந்து திரும்பும்போது பாதிச் செய்தி போயே போய்விட்டது.

இன்னொன்றையும் கவனியுங்கள். "மூன்றாம்", "நான்காம்", "ஐந்தாம்" எல்லாவற்றுக்கும் வால் ஒன்றுதான். ஹார்னில் வால்தான் பலமாக ஒலிக்கும், தலை தேய்ந்துவிடும். அதனால் "ஆண்டு மூன்று", "ஆண்டு நான்கு" என்று எண்ணைக் கடைசியில் வைத்து, அதற்குப் பிறகு ஒரு நொடி நிறுத்தச் சொல்கிறேன். எப்படியும் வகுப்பில் அப்படித்தானே சொல்கிறோம்.

திருத்தி எழுதியது இது. அடைப்புக்குறியில் உள்ளது படிப்பவருக்கு, வாசிப்பதற்கு அல்ல.

(மணி ஓசை, பிறகு 2 வினாடி அமைதி)
காலை வணக்கம், மாணவர்களே.
(6 வினாடி அமைதி)
ஆண்டு மூன்று. ஆண்டு நான்கு. இந்த அறிவிப்பு உங்களுக்கு.
(1 வினாடி)
புதன்கிழமை காலை, பல் மருத்துவர்கள் நம் பள்ளிக்கு வருகிறார்கள். உங்கள் பற்களைப் பார்ப்பார்கள்.
(1 வினாடி)
நீங்கள் இரண்டு வேலை செய்ய வேண்டும்.
ஒன்று. அனுமதிக் கடிதத்தில் அப்பாவிடமோ அம்மாவிடமோ கையெழுத்து வாங்குங்கள். செவ்வாய்க்கிழமை அதை வகுப்பாசிரியரிடம் கொடுங்கள்.
(1 வினாடி)
இரண்டு. புதன்கிழமை காலை பல் துலக்கிவிட்டு வாருங்கள்.
(2 வினாடி)
மீண்டும் சொல்கிறேன். ஆண்டு மூன்று, ஆண்டு நான்கு. கடிதம், செவ்வாய்க்கிழமை. பல் மருத்துவர், புதன்கிழமை. நன்றி.

எட்டு மணியை எடுத்துவிட்டேன். அந்த நேரத்தில் பிள்ளைகளை அழைத்துப் போவது ஆசிரியர்தான், பிள்ளைக்கு அந்தத் தகவல் தேவையில்லை. ஓர் அறிவிப்பில் இரண்டு வேலைக்கு மேல் வைப்பதில்லை என்பது இப்போது எங்கள் வழக்கம். மூன்றாவது இருந்தால் அது செவ்வாய்க்கிழமைக்குப் போகும், அல்லது வகுப்பாசிரியர் சொல்லிக்கொள்வார்.

சில ஆசிரியர்களுக்கு இது மரியாதைக் குறைவாகப் பட்டது. "கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்" இல்லாமல் அறிவிப்பா என்றார் மூத்த ஆசிரியை ஒருவர். அவர் சொல்வதிலும் நியாயம் உண்டு, சபைகூடல் என்றால் ஒரு முறை இருக்கிறது. அதனால் சிறப்பு விருந்தினர் வரும் நாளில் வரவேற்பு முறைப்படி இருக்கும், அதை ஆள் நேரில் படிப்பார். பிள்ளை ஏதாவது செய்ய வேண்டிய செய்தி மட்டும் மேலே உள்ளபடி போகும்.

அறிகுறி: பிள்ளைகள் தப்பான நாளில் வருகிறார்கள்

பழைய தாளில் "நேற்று முன்தினம்", "நாளைக்குள்" என்று இருந்ததைக் கவனித்தீர்களா? கடிதம் கொடுத்தது புதன்கிழமை. நான் எழுதியது வெள்ளிக்கிழமை, அன்றைக்கு "நேற்று முன்தினம்" சரி. ஓடியது திங்கட்கிழமை, அன்றைக்கு அது சனிக்கிழமையாகிவிட்டது. "நாளைக்குள்" என்பதை மட்டும் திங்கட்கிழமையை மனதில் வைத்து எழுதியிருக்கிறேன். ஒரே தாளில் இரண்டு கடிகாரம். திங்கட்கிழமை ஏதோ காரணத்தால் அறிவிப்பு ஓடாமல் செவ்வாய்க்கிழமை ஓடியிருந்தால், மருத்துவர் வருகிற நாளே கடிதத்துக்குக் கடைசி நாளாகியிருக்கும்.

பதிவில் இன்று, நாளை, நேற்று, அடுத்த வாரம் எதுவும் வேண்டாம். கிழமையின் பெயரைச் சொல்லுங்கள். நாள் அதிகம் இருந்தால் தேதியையும் சேருங்கள்.

அறிகுறி: முதல் வாக்கியம் காணாமல் போகிறது

இதற்குக் காரணம் இரண்டு. எது என்று பிரித்துப் பார்ப்பது எளிது.

திடலில் ஆள் இல்லாதபோது ஓட்டிப் பாருங்கள். அப்போதும் முதல் சொல் வெட்டுப்பட்டால் கருவிதான் காரணம். புளூடூத் இணைப்பு சத்தமில்லாத நேரத்தில் தூங்கிவிடும், ஒலி வந்த பிறகுதான் விழிக்கும், அதற்குள் "காலை" போய் "வணக்கம்" மட்டும் வரும். சில ஆம்ப்ளிஃபையர்களில் ஒலி வந்தால்தான் திறக்கும் கதவு போன்ற ஓர் அமைப்பு உண்டு, அதுவும் இதையே செய்யும். முடிந்தால் கம்பியில் இணையுங்கள். முடியாவிட்டால் பதிவின் தொடக்கத்தில் மணி ஓசையை வையுங்கள். வெட்டுப்பட்டால் மணி வெட்டுப்படட்டும்.

ஆளில்லாதபோது சரியாக இருந்து, பிள்ளைகள் இருக்கும்போது மட்டும் போனால் அவர்கள் பேச்சில் அது மூழ்குகிறது. முதல் பத்து வினாடியில் எந்தத் தகவலும் வைக்காதீர்கள். மணி, வணக்கம், யாருக்கு என்ற அழைப்பு. அதற்குப் பிறகுதான் செய்தி.

அறிகுறி: "காலை வணக்கம்" சொன்ன பிறகு வருகிற வாக்கியம் கேட்பதில்லை

இதைப் பதிவு செய்து ஒலிபரப்பினால் மட்டுமே பார்க்க முடியும். ஒலிபெருக்கி வணக்கம் சொன்னதும் முந்நூறு பிள்ளைகள் இழுத்து இழுத்துப் பதில் வணக்கம் சொல்வார்கள். அது பழக்கம், நிறுத்தவும் கூடாது. கைக்கடிகாரத்தை வைத்து அளந்தேன், எங்கள் பள்ளியில் ஐந்து வினாடி ஆகிறது. பதிவு காத்திருக்காமல் அடுத்த வாக்கியத்துக்குப் போய்விடுகிறது. மேலே 6 வினாடி அமைதி வைத்தது இதற்காகத்தான். உங்கள் பள்ளியில் அளந்து, அதற்கு மேல் ஒரு வினாடி சேருங்கள். பதிவு செய்யும் அறையில் அந்த 6 வினாடி யுகம் போலத் தோன்றும். படிப்பவர் பொறுமையில்லாமல் தொடங்கிவிடுவார். அவருக்கு எதிரில் நின்று விரல் விட்டு எண்ணிக் காட்டுங்கள், இல்லாவிட்டால் பிறகு கணினியில் அமைதியைச் சேருங்கள்.

அறிகுறி: பின்வரிசையில் ஒரே சொல் இரண்டு முறை கேட்கிறது

திடலின் இரண்டு முனையிலும் ஒவ்வொரு ஹார்ன், ஒன்றையொன்று பார்த்தபடி. எங்கள் பள்ளியில் முன்பு அப்படித்தான் இருந்தது. சத்தம் எல்லா இடத்துக்கும் போகட்டும் என்ற நல்ல எண்ணம்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். இரண்டு ஹார்னுக்கும் இடையே 60 மீட்டர். பின்வரிசைப் பிள்ளை ஒன்றுக்கு 10 மீட்டரிலும் மற்றதற்கு 50 மீட்டரிலும் நிற்கிறது. வேறுபாடு 40 மீட்டர். நம் ஊர் வெயிலில் ஒலி வினாடிக்கு ஏறக்குறைய 350 மீட்டர் ஓடும். அப்படியானால் தூரத்து ஹார்னின் குரல் 0.11 வினாடி தாமதமாக வந்து சேர்கிறது. ஓர் அசையைச் சொல்ல ஆகிற நேரமும் ஏறக்குறைய அவ்வளவுதான். அதாவது பக்கத்து ஹார்ன் "காம்" என்று சொல்லும்போது தூரத்து ஹார்ன் "நான்" என்று சொல்லிக்கொண்டிருக்கிறது. பேச்சில் 0.05 வினாடிக்கு மேல் பிந்தி, பலமாகவும் வருகிற ஒலியைக் காது தனிச் சத்தமாக எடுத்துக்கொள்ளத் தொடங்கும். தூரத்தில் சொன்னால் 17 மீட்டர் சொச்சம்.

சத்தத்தைக் கூட்டினால் இது தீராது, இரண்டு ஹார்னும் சேர்ந்துதான் கூடும். சோதனை: ஒரு ஹார்னின் இணைப்பை நிறுத்திவிட்டுப் பின்வரிசையில் நின்று கேளுங்கள். சத்தம் குறைந்து சொல் தெளிந்தால் எதிரொலிதான் குற்றவாளி. இணைப்பைக் கழற்றும்போது ஆம்ப்ளிஃபையர் கட்டாயம் அணைந்திருக்க வேண்டும். பள்ளி ஹார்ன் கம்பிகளில் பெரும்பாலும் 100 வோல்ட் வரை ஓடும், விளையாட்டு இல்லை.

நிரந்தரத் தீர்வு, இரண்டு ஹார்னையும் மேடைப் பக்கமே வைத்து ஒரே திசையில் திருப்புவது. எங்கள் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தில் ஏணி ஏறத் தெரிந்த அப்பா ஒருவர் ஒரு சனிக்கிழமையில் முடித்துக் கொடுத்தார். அது முடியாத பள்ளிக்குத் தாள்தான் மருந்து: குறுகிய வாக்கியம், வாக்கியத்துக்கு வாக்கியம் ஒரு வினாடி நிறுத்தம், நிமிடத்துக்கு எண்பது சொல்லுக்கு மேல் போகாத வேகம். வானொலி அறிவிப்பாளர் வேகம் அறையில் அழகு, திடலில் கஞ்சி. மண்டபத்தில் சபைகூடல் நடந்தாலும் இதே மருந்துதான், அங்கே சுவர்கள் எதிரொலிக்கும்.

அறிகுறி: குரல் கம்மியிருக்கிறது, அல்லது குகைக்குள் பேசுவது போல இருக்கிறது

ஹார்ன் எல்லா ஒலியையும் எடுப்பதில்லை. ஏறக்குறைய 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே அது பெரும்பாலும் ஊமை, மேலேயும் ஐந்தாறாயிரத்தைத் தாண்டினால் தளர்ந்துவிடும். எங்கள் பள்ளியிலேயே கம்பீரமான குரல் உள்ள ஆசிரியர் ஒருவர் இருக்கிறார். இயர்போனில் அவர் பதிவைக் கேட்டால் உடம்பு சிலிர்க்கும். ஹார்னில் அந்தக் கம்பீரம் முழுக்க அடிபட்டு, போர்வைக்குள்ளிருந்து பேசுவது போல வருகிறது. ஆண்டு ஐந்து மாணவி ஒருத்தியின் சாதாரணக் குரல் அதைவிடத் தெளிவாகப் போய்ச் சேர்ந்தது. படிக்க ஆள் தேடும்போது குரல் அழகைப் பார்க்காதீர்கள். ஹார்னில் ஒரு வாக்கியம் போட்டுக் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

பின்னணி இசையையும் விட்டுவிடுங்கள். வீணையும் புல்லாங்குழலும் மெய்யெழுத்துகள் இருக்கும் அதே இடத்தில்தான் உட்காரும். ழகரமும் ளகரமும் வேறுபடுவதே அங்கேதான்.

குகை போல ஒலித்தால் பதிவு செய்த அறையே காரணம். காலி வகுப்பறை, சிமெண்ட் சுவர், ஓட்டுத் தரை. அறையில் ஒருமுறை கை தட்டுங்கள், "டக்" என்று நின்றால் சரி, "டங்ங்" என்று இழுத்தால் வேறு அறை தேடுங்கள். எங்களுக்குக் கிடைத்த நல்ல இடம் நூலகத்தில் இரண்டு புத்தக அலமாரிகளுக்கு நடுவே. மின்விசிறியை அணைத்துவிட்டு, கைப்பேசியை வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில், நேர் எதிரே இல்லாமல் கன்னத்துப் பக்கம் சற்று சாய்த்து வைத்தால் "பள்ளி", "புதன்" எல்லாம் புஸ்ஸென்று ஊதாது. விமானம் போகும் சத்தம் கேட்டால் நின்று, அது போன பிறகு அந்த வாக்கியத்தை முதலிலிருந்து படியுங்கள். தீவின் தெற்குப் பக்கத்தில் பதிவு செய்தால் இது அடிக்கடி நடக்கும்.

அறிகுறி: இசை வருகிறது, பேசும் குரல் மட்டும் மறைந்துவிடுகிறது

இதை முதல் முறை பார்ப்பவர் பேய் என்றே நினைப்பார். மணி ஓசை வருகிறது, தொடக்க இசை ஓரளவு வருகிறது, குரல் வர வேண்டிய இடத்தில் கிணற்றடியிலிருந்து வருவது போல ஒரு முனகல். இயர்போனில் கேட்டால் பதிவு அருமையாக இருக்கிறது.

பிழை கம்பியில். கைப்பேசி இடது, வலது என்று இரண்டு ஒலி அனுப்புகிறது. ஆம்ப்ளிஃபையரின் மைக் துளை சில நேரம் வேறு வகை: இரண்டு முனையில் வருவதில் ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்து, மிஞ்சுவதைத்தான் எடுக்கும். நீளக் கம்பியில் சேரும் இரைச்சலைக் கழிக்கச் செய்த நல்ல ஏற்பாடு அது. ஆனால் குரல் இடதிலும் வலதிலும் ஒரே மாதிரி இருப்பதால், கழித்தால் சுழியம். இசையில் இரண்டு பக்கமும் கொஞ்சம் வேறுபடும், அந்த வேறுபாடு மட்டும் மிஞ்சுகிறது.

பிள்ளைகள் வரிசையில் நிற்கும்போது இது நடந்தால் ஒரு கைவைத்தியம் இருக்கிறது. கைப்பேசியின் அமைப்புகளில் `Accessibility` பகுதிக்குள் இடது வலது ஒலிச் சமநிலைக் கோடு இருக்கும். அதை முழுக்க இடப்பக்கம் தள்ளுங்கள். வலப்பக்கம் வெறுமை, கழிக்க ஒன்றும் இல்லை, குரல் திரும்பிவிடும். அங்கேயே உள்ள `Mono audio` பொத்தானை மட்டும் அழுத்தினால் நிலைமை மோசமாகும், இசையும் சேர்ந்து மறையும். வேலை முடிந்ததும் கோட்டை நடுவுக்குக் கொண்டுவர மறக்காதீர்கள். அப்புறம் சாவகாசமாக `AUX` அல்லது `LINE` என்று எழுதியிருக்கும் துளைக்குப் பொருத்தமான கம்பி வாங்குங்கள்.

அந்தத் துளை இன்னொரு நோயையும் தீர்க்கும். மைக் துளை மிகச் சிறிய மின்னலைக்காகச் செய்யப்பட்டது. கைப்பேசி அதைவிடப் பல மடங்கு பலமாக அனுப்பும். அதனால்தான் குரல் கரகரவென்று கிழிகிறது. ஆம்ப்ளிஃபையரில் சத்தத்தைக் குறைத்தாலும் கரகரப்பு அப்படியே சன்னமாகத் தொடர்ந்தால் நுழையும் இடத்திலேயே கிழிந்துவிட்டது என்று அர்த்தம்.

அறிகுறி: நேரடி மைக்கைவிடப் பதிவு சன்னமாக இருக்கிறது

படிப்பவர் ஒரு சொல்லை ஓங்கிச் சொல்லி அடுத்ததை விழுங்கியிருப்பார். ஓங்கிய சொல்லுக்குப் பயந்து நீங்கள் ஒலியைக் குறைத்து வைத்திருப்பீர்கள். மேடு பள்ளத்தைச் சமன் செய்தால் தீரும். கணினியில் `ffmpeg` இருந்தால் ஒரே வரி போதும்:

```
ffmpeg -i pathivu.m4a -af "highpass=f=150,acompressor=threshold=-20dB:ratio=3,loudnorm=I=-16:TP=-2" -ac 1 -ar 44100 01_ISNIN.mp3
```

ஹார்னால் எடுக்க முடியாத அடி ஒலியை இது முதலில் வெட்டுகிறது, பிறகு ஓங்கிய இடங்களை அமுக்குகிறது, கடைசியில் மொத்த அளவை உயர்த்தி ஒற்றை ஒலியாகச் சேமிக்கிறது. ஏற்கெனவே கிழிந்துபோன பதிவை இது காப்பாற்றாது. அதைத் திரும்பத்தான் படிக்க வேண்டும்.

கோப்பின் பெயரை ஏன் ரோமன் எழுத்தில் வைக்கிறேன் என்றால், ஆம்ப்ளிஃபையரின் சின்னத் திரையில் தமிழ்ப் பெயர் வெறும் கட்டங்களாகத் தெரிந்து, அலுவலக உதவியாளர் போன வாரத்துப் பதிவை ஓட்டிவிட்டார். பென்டிரைவில் பழைய கோப்புகளை வைக்காதீர்கள். அதை `FAT32` வடிவில் வைத்து, கோப்பை `mp3` ஆகப் போட்டால் பெரும்பாலான பள்ளிக் கருவிகள் படிக்கும்.

நெகாராகூவை இந்தக் கோப்போடு ஒட்டாதீர்கள். எல்லாரும் நிமிர்ந்து நிற்கும்போது நடுவில் சிக்கினால் பின்னுக்கு ஓட்டிச் சரிசெய்யும் நேரமா அது? தனிக் கோப்பு, தனி எண்.

அறிகுறி: அடியில் "ம்ம்ம்" என்று ஓர் இரைச்சல்

மடிக்கணினியிலிருந்து ஓட்டுகிறீர்களா? சார்ஜரைப் பிடுங்கிப் பாருங்கள். இரைச்சல் உடனே நின்றால் பேட்டரியிலேயே ஓட்டுங்கள், ஒரு நிமிட அறிவிப்புக்கு அது தாங்கும். நிற்காவிட்டால் ஒலிக்கம்பி மின்கம்பியோடு சேர்த்துச் சுருட்டி வைக்கப்பட்டிருக்கிறதா என்று மேசைக்குப் பின்னால் குனிந்து பாருங்கள்.

பல் அறிவிப்பைத் திருத்திய தாளோடு அதே திங்கட்கிழமை மதியம் நூலகத்தில் மறுபடி பதிவு செய்தோம், பள்ளி விடும் நேரத்தில் ஓட்டினோம். கடிதம் என்றைக்கு என்று பின்வரிசையில் மூன்று பேரிடம் கேட்டேன். மூவரும் செவ்வாய் என்றார்கள். அதில் ஒருவன் காலையில் பல் பிடுங்குவதைப் பற்றிக் கேட்டவன். "ஆனா சார், பார்க்கிறதோட விட்டுடுவாங்கதானே?" என்றான்.